அளவுச் சாப்பாட்டில் மாவுச்சத்து எவ்வளவு? உணவக மேலாளருக்கு ஒரு கடிதம்

கல்வராயன் மலையூர்களிலிருந்து பரிசோதனைக்கு வரும் நீரிழிவு நோயாளர்களுக்கு, அந்த ஒரு நாளேனும் உணவகச் சாப்பாடு தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. வெள்ளிமலைப் பக்கத்தில் அதிகாலைப் பேருந்து ஏறிக் கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, காலை உணவு உண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். பின்னர் மருத்துவரைக் கண்டு மருந்து வாங்கி முடிப்பதற்குள் நண்பகல் கடந்துவிடும். வீட்டில் கிண்ணத்தால் அளந்து உண்ணப் பழகியவரும், உணவகத்தில் இலையின் முன் அமர்ந்ததும் கண்மதிப்பையே நம்ப வேண்டியவராகிறார்.

கண்மதிப்பு பெரும்பாலும் பிழைபடுவது சோற்றில்தான். இனிப்பைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று நம்புவோர் பலர். ஆனால் நம் சாப்பாட்டில் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் மாவுச்சத்தின் பெரும்பங்கு பாயசத்தில் இல்லை, சோற்றில் இருக்கிறது. அந்தச் சோறு எத்தனை கிராம் என்பதை உண்பவர் அறியார், பரிமாறுபவரும் அறியார். ஆனால் உணவகத்தில் ஒருவருக்கு அது தெரியும். அவரிடம் கேட்பது எப்படி, அவர் தரும் விடையைக் கொண்டு கணக்கிடுவது எப்படி என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில், இந்தக் கணக்கு யாருக்கு எவ்வளவு தேவை என்பதைப் பார்ப்போம். உணவுக் கட்டுப்பாட்டாலும் மெட்பார்மின் மாத்திரையாலும் மட்டும் நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு, ஒரு வேளைக் கணக்குத் தவறினால் அன்று சர்க்கரை சற்று ஏறும். அதற்கு மேல் உடனடி ஆபத்து அரிது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உண்போர் நிலை வேறு. அவை உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. ஆதலால் உணவு குறைந்தாலோ தாமதித்தாலோ சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

காலையும் இரவும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்வோர் இதனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மதியம் ஊசி இல்லை என்பதால் மதிய உணவுக்கும் இன்சுலினுக்கும் தொடர்பில்லை என்று அவர்கள் எண்ணக்கூடும். உண்மையில், காலையில் போட்ட ஊசியின் மெதுவாகச் செயல்படும் பகுதி வலுவடைவது நண்பகலை ஒட்டித்தான். மருந்துச் சாளரத்தின் வரிசையில் நின்று இரண்டரை மணிக்குச் சாப்பிடச் சென்றால், அதற்குள்ளாகவே வியர்வையும் நடுக்கமும் தொடங்கிவிடலாம். இவர்களின் ஊசி அளவு முன்பே முடிவானது. ஆகவே உணவின் நேரமும் அளவும் நாளுக்கு நாள் மாறாதிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன் விரைவாகச் செயல்படும் இன்சுலினை, உண்ணப்போகும் மாவுச்சத்துக்கு ஏற்ப அளந்து போட்டுக்கொள்வோருக்கோ இந்தக் கணக்கு இன்றியமையாதது. அவர்களுக்கு எண் தவறினால் ஊசியும் தவறும்.

இப்போது கடிதத்திற்கு வருவோம். ஏன் கடிதம், நேரில் கேட்டால் ஆகாதா என்று வினவலாம். பகல் ஒரு மணிக்குக் கல்லாவில் நின்று, "இந்தச் சாப்பாட்டில் மாவுச்சத்து எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "நாங்கள் எதிலும் சர்க்கரை சேர்ப்பதில்லை ஐயா" என்பதாகவே இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. நீரிழிவு என்றதும் சர்க்கரையை நினைக்கிறார், அவ்வளவுதான். பின்னால் பத்துப்பேர் நிற்கும்போது அவருக்கு விளக்கவும் நமக்கு வழியில்லை. எழுதிக் கொடுத்தால் கூட்டம் ஓய்ந்தபின் அவர் படிப்பார். சமையல் மாஸ்டரிடம் கேட்பார். விடையையும் எழுத்தில் தர இயலும். பிற்பகல் மூன்றரை மணியளவில் உணவகம் சற்று ஓய்ந்திருக்கும். கடிதத்தை அந்நேரம் கொடுப்பது நல்லது. மலைப் பேருந்துக்கு விரைய வேண்டிய நோயாளருக்காக, கள்ளக்குறிச்சியிலுள்ள உறவினர் எவரேனும் கொண்டு சென்று கொடுக்கலாம்.

கடிதத்தில் எதைக் கேட்பது என்பதே முதன்மையானது. மாவுச்சத்து எத்தனை கிராம் என்று கேட்டால் மேலாளரால் விடை சொல்ல முடியாது. அது அவர் தொழிலில் வழங்கும் கணக்கன்று. ஆனால் ஒரு சிப்பம் அரிசிக்கு எத்தனை சாப்பாடு, ஒரு கிலோ துவரம்பருப்பில் எத்தனை பேருக்குச் சாம்பார், ஒரு கிலோ மைதாவில் எத்தனை பரோட்டா என்பன அவருக்கு மனப்பாடம். இந்தக் கணக்கு இல்லாமல் சாப்பாட்டுக்கு விலை வைக்க இயலாது. அளவுச் சாப்பாடு என்ற பெயரே இதற்குச் சான்று: அளந்து வைப்பதால்தான் அப்பெயர். ஆகவே அவர் அறிந்த கணக்கை அவரிடம் கேட்டுப் பெறுவோம். அதனை மாவுச்சத்தாக மாற்றும் வேலையை நாமோ நம் உணவியல் வல்லுநரோ செய்வோம்.

இன்னொன்றும் உண்டு. உணவகத்தாருக்கு இத்தகைய கடிதம் கண்டால் ஓர் அச்சம் எழும். நாளை நோயாளருக்கு ஏதேனும் நேர்ந்தால் தம் எண்ணைக் காட்டிக் குறை கூறுவார்களோ, சமையல் பக்குவத்தைக் கேட்கிறார்களோ என்று தயங்குவார்கள். அந்த இரண்டு ஐயங்களையும் கடிதமே நீக்கிவிட வேண்டும். கீழே தருவது ஒரு மாதிரிக் கடிதம். உங்கள் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனைக்காகக் கள்ளக்குறிச்சிக்கு வரும்போது தங்கள் உணவகத்தில் அளவுச் சாப்பாடு உண்டு வருகிறேன். எனக்கு நீரிழிவு உள்ளது, இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். உணவிலுள்ள மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிந்தால்தான் என் மருந்துக்கும் உணவுக்கும் பொருத்தம் பார்க்க இயலும். மாவுச்சத்து என்பது சர்க்கரையில் மட்டுமன்றிச் சோறு, பருப்பு, கிழங்கு, மாவுப் பண்டங்கள் ஆகியவற்றிலும் உள்ளது. ஆதலால் பின்வரும் விவரங்களை, தாங்கள் அறிந்த அளவில், தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அளவுச் சாப்பாட்டுக்குப் பச்சரிசியா, புழுங்கலரிசியா? ஒரு சிப்பம் எத்தனை கிலோ, அதில் ஏறத்தாழ எத்தனை சாப்பாடு ஆகும்? முதலில் வைக்கும் ஒரு கிண்ணச் சோற்றை ஒரே ஒரு முறை தராசில் வைத்து எடையைச் சொன்னால் பேருதவியாக இருக்கும். ஒரு கிலோ துவரம்பருப்பு எத்தனை பேர் சாம்பாருக்கு வரும்? எந்தெந்தக் கிழமைகளில் உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய் பொரியல் வைக்கிறீர்கள்? பாயசத்தில் நூறு கிண்ணத்துக்கு ஜவ்வரிசி அல்லது சேமியா எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு? சாம்பாரிலோ கூட்டிலோ வெல்லம் சேர்ப்பதுண்டா?

மசாலாப் பக்குவம் எதுவும் எனக்குத் தேவையில்லை. தாங்கள் தரும் எண்கள் தோராயமானவை என்பதை அறிவேன். அவற்றைக் கொண்டு தங்கள் மீது எக்காலத்தும் குறை கூறேன். என் மருந்தளவை என் மருத்துவரே முடிவு செய்கிறார். மருத்துவமனை உணவியல் வல்லுநர் கணக்கிட்டுத் தரும் பட்டியலின் படி ஒன்றைத் தங்களுக்கும் தருகிறேன். என்னைப் போன்று வரும் பிறருக்கு அது பயன்படலாம்.

நன்றியுடன்,
(பெயர், கைப்பேசி எண்)"

கடிதத்தில் நோய் வரலாற்றையோ மருந்துப் பட்டியலையோ எழுத வேண்டியதில்லை. மேலாளருக்கு அவை பயன்படமாட்டா. சோற்றை ஒருமுறை நிறுத்துச் சொல்லும்படி கேட்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது கணக்கின்போது விளங்கும்.

விடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். புழுங்கலரிசி, 25 கிலோ சிப்பத்தில் சுமார் 250 சாப்பாடு, ஒரு கிண்ணச் சோறு 280 கிராம், ஒரு கிலோ துவரம்பருப்பு 50 பேருக்கு, வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு பொரியல், ஆளுக்கு ஏறத்தாழ 60 கிராம், பாயசத்துக்கு நூறு கிண்ணத்துக்கு ஒரு கிலோ ஜவ்வரிசியும் ஒன்றரைக் கிலோ சர்க்கரையும், வெல்லம் சேர்ப்பதில்லை. இவை எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் உணவகத்தின் எண்கள் வேறாகலாம்.

சோற்றிலிருந்து தொடங்குவோம். 25 கிலோவை 250 ஆல் வகுத்தால் ஆளுக்கு 100 கிராம் அரிசி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணைப்படி, தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. புழுங்கலரிசியில் ஒரு கிராம் அளவே குறைவு. ஆகவே அந்தச் சோற்றில் 78 கிராம் என்று கொள்வோம். இப்போது மறுவழியில் சரிபார்ப்போம். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. 280 கிராம் சோற்றில் அது 78 கிராம் ஆகிறது. இரண்டு வழியிலும் ஒரே எண் வருவதால் விடையை நம்பலாம்.

எல்லா நேரமும் இப்படி ஒத்து வராது. கிண்ணச் சோறு 400 கிராம் என்று விடை வந்தால், 28 விழுக்காட்டுக் கணக்கில் 112 கிராம் மாவுச்சத்து வரும். அரிசிக் கணக்கோ 78 என்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சோறு நன்கு குழைய வெந்து நீரை மிகுதியாகக் கொண்டிருக்கலாம். அப்படியானால் எடைதான் கூடியதே தவிர மாவுச்சத்து கூடவில்லை, 78 என்பதே சரி. அல்லது ஒரு சிப்பத்தில் உண்மையில் 250 சாப்பாடு வராமல், 175 அளவிலேயே தீர்ந்துவிடலாம். அப்போது 112-ஐ ஒட்டிய எண்ணே சரி. சோற்றைப் பார்த்தாலே எது என்று ஓரளவு தெரிந்துவிடும். உதிரியாக இருக்கும் சோறு 400 கிராம் நிறுத்தால் அதில் நீரைக் குறை சொல்ல வழியில்லை.

நீரின் அளவு சமையலுக்குச் சமையல் மாறும். உலர்ந்த அரிசியின் எடை மாறாது. ஆகவே அரிசிக் கணக்கு அடிப்படையாகவும், வெந்த எடை சரிபார்ப்பதற்காகவும் இருக்கட்டும். வடித்த சோறாயின் கஞ்சியோடு சிறிது மாவுச்சத்து வெளியேறிவிடும்; அரிசிக் கணக்கு அந்த அளவுக்குச் சற்றே கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம். ஊழியர் உண்ணும் உணவும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவோரின் சோறும் அதே சிப்பத்தில் அடங்கும் என்பது இக்கணக்கின் மற்றொரு குறை.

சோற்றுக்கு அடுத்தது சாம்பார். ஆளுக்கு 20 கிராம் பருப்பு. அதில் ஏறத்தாழ 11 கிராம் மாவுச்சத்து. புளியும் காய்களும் சேர்ந்து 14 என்று கொள்வோம். உருளைக்கிழங்கில் 10. பாயசத்தில் ஆளுக்குப் பத்துக் கிராம் ஜவ்வரிசி, பதினைந்து கிராம் சர்க்கரை, சிறிது பால், எல்லாமாக 26. மரவள்ளி மாவிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்தே. நம் பகுதியின் பயிராதலால் பாயசம், வடகம் என்று பல வடிவங்களில் அது இலைக்கு வந்துவிடுகிறது. இரசம், கூட்டு, ஓர் அப்பளம், மோர் ஆகிய நான்கும் சேர்ந்து 18 கிராம் அளவில் அடங்கும்.

கூட்டிப் பார்த்தால் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் 146 கிராம் மாவுச்சத்து. அதில் பாதிக்கு மேல் சோறு மட்டுமே. பாயசத்தை விலக்கியவுடன் எண் 120 ஆகிறது. பாயசத்தை உண்டு சோற்றைப் பாதியாக்கினால் 107 ஆகிறது! பாயசத்தை மறுத்துவிட்ட நிறைவோடு இரண்டாம் முறை சோறு வாங்குவோர் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சோற்றைப் பாதியாக்கி, பாயசத்தையும் விலக்கி, உருளைக்கிழங்குக்கு மாற்றாக அவரையோ முட்டைக்கோசோ கேட்டு வாங்கினால் மொத்தம் 75 கிராம் அளவில் நிற்கிறது. சாம்பார், கூட்டு, மோர் எதையும் குறைக்கவில்லை. பாதிச் சோற்றை, பரிமாறும் முன்பே சொல்லி வாங்குங்கள். இலையில் விழுந்த பின் மிச்சம் வைக்க நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை.

இந்த எண்கள் ஊசியில் என்ன ஆகின்றன என்பதையும் காண்போம். ஒருவருக்கு 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் வரையறுத்திருப்பதாகக் கொள்வோம். இவ்வீதம் ஆளுக்கு ஆள் மாறும்; இங்குள்ளதை உங்களுக்கு உரியதாகக் கொள்ள வேண்டாம். அவருக்கு முழுச் சாப்பாட்டுக்கு 14 முதல் 15 யூனிட் வேண்டும்; குறைத்த சாப்பாட்டுக்கு 7 முதல் 8 யூனிட் போதும். 75 என்று மதிப்பிட்டு ஊசி போட்டு 146 உண்டால், மாலை வரை சர்க்கரை உயர்ந்தே இருக்கும். 146 என்று எண்ணி ஊசி போட்டு, சோறு பிடிக்காமல் பாதியில் எழுந்துவிட்டால், ஏழு யூனிட் மிகையாக உடலில் நிற்கும். இரண்டாவதே உடனடியாக ஆபத்தானது. அந்த மிகை வேலை செய்யும் நேரத்தில் அவர் மலைப்பாதையில் பேருந்தில் அமர்ந்திருக்கக்கூடும். வளைவுகளில் வரும் தலைச்சுற்றல் என்று தாமும் அருகிலிருப்போரும் எண்ணிவிட வாய்ப்புண்டு. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால், இயன்றால் உடனே கருவியில் சோதிக்க வேண்டும். இயலாவிடில் காத்திராமல் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை அதே அளவு. நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவ உதவிக்கு 108-ஐ அழைக்க வேண்டும். துணைக்கு வருபவர் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

ஊசி போட்டுக்கொண்டு மேசைக்காகக் காத்திருப்பதும் இதே ஆபத்தைத் தருவது. உணவுக்கு அரை மணி முன் போட வேண்டிய ஊசியாயின், உணவகத்தில் உண்ணும் நாளில் எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விடைகளில் சில நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகக்கூடும். "உங்களுக்குச் சாமைச் சோறு வைக்கிறோம், எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம்" என்பது அவற்றுள் ஒன்று. கல்வராயன் மலையில் விளையும் சாமை நல்ல உணவு. நார்ச்சத்து அரிசியை விட மிகுதி. ஆனால் 100 கிராம் சாமையிலும் ஏறத்தாழ 65 கிராம் மாவுச்சத்து உண்டு. அரிசிக்கும் அதற்கும் இடையே 13 கிராம்தான் வேறுபாடு. அளவில்லாமல் உண்ண அதில் இடமில்லை. சாமைச் சாப்பாடு தரும் உணவகத்திலும் ஒரு கிலோவுக்கு எத்தனை சாப்பாடு என்ற அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

மற்றொன்று, கலோரி எண்ணை மாவுச்சத்து எண்ணாகக் கொள்வது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள், மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்தும் அதற்கு மேலும் இடங்களில் கிளைகள் கொண்ட உணவகங்கள் தம் உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் கலோரியையும் குறிப்பிட வேண்டும் என்கின்றன. பெருநகரங்களில் சில பட்டியல்களில் அந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். கலோரி என்பது எண்ணெய், புரதம், மாவுச்சத்து மூன்றிலிருந்தும் வரும் ஆற்றலின் கூட்டுத்தொகை. எண்ணெயில் பொரித்த கோழிக்கும் ஒரு கிண்ணம் பாயசத்துக்கும் ஒரே கலோரி இருக்கலாம். இரத்தச் சர்க்கரையில் அவை செய்யும் வேலை ஒன்றன்று. அமெரிக்காவில் இருபதும் அதற்கு மேலும் கிளைகள் கொண்ட உணவகங்கள், 2018 மே மாதம் முதல் பட்டியலில் கலோரியைக் குறிப்பிடுவதோடு, கேட்பவருக்கு மாவுச்சத்து அளவையும் எழுத்தில் தர வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரே கடையாக நடக்கும் நம்மூர் உணவகத்தை இவ்விதிகள் எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே நம் கடிதம் ஒரு வேண்டுகோள். சட்டத்தைச் சுட்டி எழுதினால் வரவிருந்த விடையும் வராமல் போகும்.

பெற்ற எண் சரிதானா என்பதை இரண்டு வகையில் சோதிக்கலாம். கள்ளக்குறிச்சியில் தங்கியிருக்கும் உறவினர், அதே அளவுச் சாப்பாட்டைப் பார்சல் வாங்கி, வீட்டுச் சமையல் தராசில் சோற்றுப் பொட்டலத்தையும் சாம்பாரையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கலாம். பார்சலில் சோறு, இலையில் வைப்பதை விடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். மறுசோறு கேட்க வழியில்லாததால் சேர்த்தே கட்டிவிடுவார்கள். மற்றொரு வழி சர்க்கரைமானி. உண்ணும் முன்னும், முதல் கவளம் எடுத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து குறித்து வாருங்கள். ஒரே உணவகத்தில் ஒரே சாப்பாட்டை மூன்று வருகைகளில் உண்டு, ஏற்றம் ஒரு நாள் 50, ஒரு நாள் 60, ஒரு நாள் 130 என்று இருந்தால், அந்த மூன்றாம் நாளில் என்ன மாறியது என்று பாருங்கள். கிழமை மாறி உருளைக்கிழங்கும் பாயசமும் வந்திருக்கலாம்; பரிமாறியவர் மாறியிருக்கலாம்; ஊசி நேரம் தவறியிருக்கலாம். மூன்று நாளும் ஒரே சீராக மிகையாக ஏறினால், எண்ணே குறைவாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று பொருள். குறிப்பேட்டை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

பரிசோதனை நாளின் காலை உணவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். உணவுக்குப் பின் எடுக்கும் இரத்தச் சர்க்கரை, வழக்கமான உணவுக்கும் வழக்கமான மருந்துக்கும் பின் எவ்வளவு என்பதை அறிவதற்கானது. வீட்டில் மூன்று இட்லி உண்பவர், அன்று மட்டும் பொங்கல், வடை, தோசை, கேசரி அடங்கிய மினி டிபன் உண்டால், அந்த எண்ணைக் கொண்டு மருந்தைக் கூட்டுவதா என்பது மருத்துவருக்கே குழப்பமாகிவிடும். அன்று இட்லியே உண்ணுங்கள். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் கொண்ட மாவில் எத்தனை இட்லி என்று கடிதத்தில் கேட்டால் மாஸ்டர் உடனே சொல்லிவிடுவார். எழுபது என்றால் இட்லி ஒன்றில் ஏறத்தாழ 13 கிராம் மாவுச்சத்து. பரோட்டாவையும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு கிலோ மைதாவில் இருபது வந்தால் ஒன்றில் 37 கிராம் அளவில் இருக்கும்.

கடிதத்துக்கு விடை வராமலும் போகலாம். அப்போது அளவில்லாச் சாப்பாட்டைத் தவிர்த்து அளவுச் சாப்பாட்டையே வாங்கி, வீட்டில் பயன்படுத்தும் கிண்ணம் ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். அக்கிண்ணத்தில் தலை தட்டி வைத்த சோறு எத்தனை கிராம் என்பதை வீட்டிலேயே நிறுத்து, கிண்ணத்தின் அடியில் எழுதி ஒட்டிவிடலாம். 150 கிராம் கொள்ளும் கிண்ணமாயின் ஒரு கிண்ணச் சோற்றில் 42 கிராம் மாவுச்சத்து. சப்ளையரிடம் கிண்ணத்தைக் கொடுத்து அதில் சோறு வைக்கச் சொன்னால் எவரும் மறுப்பதில்லை. விடை எழுதித் தந்த உணவகத்தின் தாளையும் உங்கள் குறிப்பேட்டையும் உணவியல் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள். கணக்கிட்ட பட்டியலை இரண்டு படிகளாகத் தருவார்கள், ஒன்று உங்களுக்கு, மற்றொன்று மேலாளருக்கு.